எல்லாக் கணினியிலும் ஒரே பகடை

1997-ல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டில் எட்டுப் பேர் வரை சேர்ந்து போரிடலாம். ஆளுக்கொரு படை, வில்லாளிகள், குதிரைவீரர்கள், விறகு வெட்டுபவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொரு படையிலும் ஏராளமான பேர். இவர்கள் எல்லோரையும் எட்டு வீடுகளில் இருக்கும் எட்டுக் கணினிகளிலும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். அன்று வீட்டில் இருந்ததோ தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம். அது நொடிக்கு 28,800 பிட், அதாவது அதிகபட்சம் 3,600 பைட்தான் கடத்தும்.

அந்த விளையாட்டின் நெட்வொர்க் பகுதியைப் பற்றிப் பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001-ல் ஒரு கட்டுரையில் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், என்ன செய்கிறான், எவ்வளவு அடிபட்டிருக்கிறான் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால், நகரும் ஆட்கள் 250 பேரைத் தாண்ட முடியாது. அவர்களுக்கு வேண்டியதோ அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 1,500 வில்லாளிகள் இருக்கிறார்கள்.

அவர்கள் கண்ட வழி, நிலவரத்தை அனுப்புவதையே விட்டுவிடுவது. தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் பலகையைப் படம் பிடித்து அனுப்புவதில்லை. நகர்த்தலை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்புகிறார்கள். இரு வீட்டிலும் பலகை இருக்கிறது, விதியும் ஒன்றுதான், அதனால் காயும் ஒரே கட்டத்தில் போய் நிற்கும். இங்கேயும் எட்டுக் கணினிகளிலும் போர்க்களம் முழுதாக இருக்கிறது. “இந்த நாற்பது வில்லாளிகளும் அந்த மேட்டுக்குப் போகட்டும்” என்று விளையாடுபவர் மவுசைச் சொடுக்கினால் அந்தக் கட்டளை மட்டும் கம்பியில் போகும். நாற்பது பேர் நடப்பதையும், வழியில் மரத்தைச் சுற்றிப்போவதையும், அம்பு எய்வதையும் ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

கட்டளை வந்து சேரும் நேரம் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் ஆட்டம் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 200 மில்லிநொடி. இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்று தள்ளித்தான் நிறைவேறும். அதற்குள் அது எல்லோரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். சேராவிட்டால் ஆட்டம் காத்திருக்கும். எல்லாக் கணினிகளும் இப்படி ஒரே அடி வைத்து நடப்பதால்தான் இந்த முறைக்கு லாக்ஸ்டெப் என்று பெயர்.

சதுரங்கத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. போரில் எல்லா அம்பும் படுவதில்லை. படுகிறதா, தவறுகிறதா என்பதைப் பகடை உருட்டித்தான் விளையாட்டு முடிவு செய்கிறது. எட்டுக் கணினிகளும் தனித்தனியே பகடை உருட்டினால் முதல் அம்பிலேயே எட்டுப் போர்க்களங்களும் எட்டு வழியில் பிரிந்துவிடும்.

பகடைக்குள் ஒரு கணக்கு

நல்லவேளையாக, கணினி உருட்டுவது உண்மையான பகடை இல்லை. அது ஒரு கணக்கு. கையில் ஓர் எண் இருக்கும். அதைப் பெருக்கி, கூட்டி, ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த எண் கிடைக்கும். அதிலிருந்து அதற்கடுத்தது. பார்க்கிறவருக்கு எண்கள் கண்டபடி வருவதுபோலத் தோன்றும். ஆனால் எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் முழு வரிசையும் தெரியும். அந்தத் தொடக்க எண்ணைத்தான் விதை எண் என்கிறோம்.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறிய பகடை இது:

```
state = (state * 21 + 17) % 100
```

கையில் உள்ள எண்ணை 21-ஆல் பெருக்கு, 17 கூட்டு, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள். விதை எண் 38 என்று வைப்போம். 38-ஐ 21-ஆல் பெருக்கினால் 798. 17 கூட்டினால் 815. ஆக முதல் எண் 15. அதையே திரும்பச் செய்தால் 32, 89, 86, 23, 00, 17, 74 என்று போகும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற யார் கணக்கிட்டாலும் இதே வரிசைதான் வரும்.

இந்தச் சிறிய பகடையில் ஒரு குறை உண்டு. கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள்: 5, 2, 9, 6, 3, 0, 7, 4. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 குறைவு, பூஜ்யத்தைத் தாண்டினால் மேலிருந்து சுற்றி வருகிறது. இவ்வகைக் கணக்கில் கீழ்ப்பக்க இலக்கங்களின் தாறுமாறு போதாது. அதனால் நிஜ விளையாட்டுகளில் மிகப் பெரிய எண்ணை வைத்துக் கணக்கிட்டு, அதன் மேல்பகுதியை மட்டும் பகடையாக எடுப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டுக்கு இது போதும்.

இப்போது விதை எண்ணைப் பகிர்வது எப்படி என்பது ஊகிக்கக் கூடியதே. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் கணினி, தன் கடிகாரத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ ஓர் எண்ணை எடுக்கிறது. வரைபடம், ஆட்டக்காரர் பட்டியல், அமைப்புகள் ஆகியவற்றோடு அந்த எண்ணையும் எல்லோருக்கும் அனுப்புகிறது. பெரும்பாலும் நான்கு பைட். ஆட்டம் முழுக்க விழப்போகும் எல்லாப் பகடையும் அந்த நான்கு பைட்டில் அடங்கிவிட்டன. அதன் பிறகு பகடையைப் பற்றி யாரும் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.

இதுவரை எளிது. கடினமானது இனிமேல்தான்.

ஒரு புகை மண்டலம் செய்த வேலை

மேட்டின் மேல் நிற்பவனைக் கீழிருந்து தாக்கினால் நூற்றில் 53 முறைதான் படும் என்று ஒரு விதி வைப்போம். 1998-ல் வந்த ‘ஸ்டார்கிராப்ட்’ விளையாட்டில் கிட்டத்தட்ட இதே விதி உண்டு. நம் பகடையில் 53-க்குக் கீழே விழுந்தால் அம்பு படும், இல்லாவிட்டால் தவறும். மேட்டில் நிற்கும் எதிரி இரண்டு அம்பு பட்டால் சாவான்.

முதல் கணினியில் பார்ப்போம். முதல் அம்புக்கு 15: பட்டது. இரண்டாம் அம்புக்கு 32: பட்டது. எதிரி செத்தான்.

இரண்டாம் கணினியில் அதே விதை எண், அதே கட்டளை, அதே விதி. ஆனால் அங்கே விளையாடுபவரின் பார்வை வேறொரு மூலையில் இருக்கிறது. அந்த மூலையில் ஒரு வீடு எரிகிறது. எரியும் வீட்டிலிருந்து புகை எழும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கும் நிரலாளர் அதே பகடையை உருட்டியிருக்கிறார். திரையில் தெரிகிற புகையை மட்டுமே வரைவதால் முதல் கணினியில் அந்த உருட்டல் நடக்கவே இல்லை. இரண்டாம் கணினியில் முதல் அம்புக்கு 15, புகைக்கு 32, இரண்டாம் அம்புக்கு 89. அம்பு தவறிவிட்டது. மூன்றாம் அம்புக்கு 86: அதுவும் தவறியது. நான்காம் அம்புக்கு 23. அப்போதுதான் எதிரி சாகிறான்.

இரண்டு அம்பு வித்தியாசம்தானே என்று விட முடியாது. அதற்குள் அந்த எதிரி திருப்பி இரண்டு முறை தாக்கியிருப்பான். அதில் நம் ஆள் ஒருவன் விழுந்திருக்கலாம். அவன் இல்லாததால் பின்னால் வந்தவர்கள் வேறு பாதையில் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி விழும் ஒவ்வொரு பகடையும் இரண்டு கணினிகளிலும் ஓர் இடம் தள்ளி விழும். ஒருவர் திரையில் அவர் வென்றுகொண்டிருப்பார், மற்றவர் திரையில் இவர். இரண்டுமே தங்கள் கணக்கில் சரி. எங்கும் பிழைச்செய்தி வராது, எந்தக் கணினியும் நின்றுபோகாது. இதை டீசிங்க் என்பார்கள்.

ஆகவே விதை எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பகடை உருட்டப்படும் எண்ணிக்கையும், உருட்டப்படும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கி ஒன்பதாயிரமாவது பகடை ஒரு கணினியில் வில்லாளிக்கு விழுந்தால், எல்லாக் கணினியிலும் அதே வில்லாளிக்கு விழ வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குழுவுக்கும் சிரமம் இங்கேதான் வந்தது. எல்லாக் கணினியிலும் பகடையை ஒரே எண்ணிக்கையில் அழைக்கும்படி எழுதுவது அவர்களுடைய நிரலாளர்களுக்குப் பழக்கமில்லாத ஒழுக்கமாக இருந்தது என்று பெட்னரும் டெரானோவும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒரு நிகழ்வு: வரைபடம் உருவாகும்போது ஒரு மான் சற்றே பிசகி நின்றது. அது மேயும் பாதை கொஞ்சம் மாறியது. பல நிமிடங்கள் கழித்து அதை வேட்டையாட வந்தவனின் வழி இம்மியளவு விலகியது, ஈட்டி குறி தவறியது, அவன் இறைச்சி இல்லாமல் வீடு திரும்பினான். வெளியே தெரிந்தது உணவுக் கணக்கில் வித்தியாசம்; காரணம் எங்கோ பின்னால் நின்ற ஒரு மான்.

டூம் வைத்திருந்த இரண்டு பகடைகள்

புகைச் சிக்கலுக்கு மிகத் தெளிவான விடை, 1993-ல் வந்த ‘டூம்’ விளையாட்டில் இருக்கிறது. அதன் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டதால் யாரும் திறந்து பார்க்கலாம். டூம் பெருக்கல் கணக்குக்கூடப் போடவில்லை. 256 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். அது 0, 8, 109, 220, 222, 241 என்று தொடங்கும். பகடை வேண்டும்போது பட்டியலில் ஓர் இடம் நகர்ந்து அங்கிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். கடைசிக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

```
prndindex = (prndindex + 1) & 0xff;
return rndtable[prndindex];
```

புதிய ஆட்டம் தொடங்கும்போது இடம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எல்லோருக்கும் எப்போதும் ஒரே விதை எண் என்று சொல்லலாம்; பகிரக்கூட வேண்டியதில்லை.

பட்டியல் ஒன்றுதான், ஆனால் அதில் நகரும் விரல்கள் இரண்டு. `P_Random` என்பது ஆட்டத்துக்கானது: துப்பாக்கி எவ்வளவு சேதம் செய்யும், அசுரன் எப்போது தாக்குவான் போன்றவை. `M_Random` என்பது திரைக்கானது: கீழ்ப்பட்டையில் தெரியும் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கட்டம் மாறும்போது திரை எப்படி உருகி வழிய வேண்டும் போன்றவை. திரைக்கான விரல் ஒவ்வொரு கணினியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் முன்பின்னாக இருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆட்டத்துக்கான விரல் மட்டும் எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணின் மேல் நிற்க வேண்டும். இன்றும் லாக்ஸ்டெப் விளையாட்டு எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய பிரிவினை இதுவே.

இப்படிப் பிரித்தும் டூமில் ஒரு பொறி இருந்தது. துப்பாக்கியைத் தொடர்ந்து சுட்டால் குண்டு சற்று இடமோ வலமோ விலகும். எவ்வளவு விலகும் என்பதற்கு `P_Random()-P_Random()` என்று எழுதியிருந்தார்கள்: ஒரு பகடையிலிருந்து இன்னொரு பகடையைக் கழி. முன்னதை முதலில் உருட்ட வேண்டுமா, பின்னதையா என்பதை சி மொழி வரையறுக்கவில்லை. கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அடுத்து வரும் எண்கள் 109, 220 என்று வைப்போம். முன்னதை முதலில் உருட்டினால் 109-லிருந்து 220 போக மைனஸ் 111. பின்னதை முதலில் உருட்டினால் 220-லிருந்து 109 போக பிளஸ் 111. உருட்டிய எண்ணிக்கை ஒன்று, எண்களும் ஒன்று. ஆனால் ஒரு கணினியில் குண்டு இடப்பக்கம் போகிறது, இன்னொன்றில் வலப்பக்கம். பிற்காலத்தில் டூமைப் புதிய கணினிகளுக்குக் கொண்டுவந்தவர்கள் இதை இரண்டு வரியாகப் பிரித்தார்கள்: முதலில் ஒன்றை உருட்டி வைத்துக்கொள், பிறகு இன்னொன்றை உருட்டிக் கழி. ‘சாக்லேட் டூம்’ நிரலில் இதற்கென்றே `P_SubRandom` என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது.

இதே வரிசைச் சிக்கல் கட்டளைகளிலும் வரும். ஒரே சுற்றில் இரண்டு பேர் கட்டளை கொடுத்திருந்தால், எது முதலில் வந்து சேர்ந்ததோ அதை முதலில் நிறைவேற்றக் கூடாது. வந்து சேரும் வரிசை கணினிக்குக் கணினி வேறு. ஒன்றாம் ஆட்டக்காரர், இரண்டாம் ஆட்டக்காரர் என்று எண் வரிசைப்படிதான் நிறைவேற்ற வேண்டும்.

பிசகைக் கண்டுபிடிப்பது

டீசிங்க் தானாகச் சத்தம் போடாது. நாம்தான் அதற்கு மணி கட்ட வேண்டும். ஒவ்வொரு கணினியும் சில சுற்றுகளுக்கு ஒருமுறை தன் போர்க்களத்தைச் சுருக்கி ஓர் எண்ணாக்கிக் கட்டளையோடு சேர்த்து அனுப்பும். இதைச் செக்சம் என்பார்கள். இரண்டு கணினிகளின் எண் ஒத்துப்போகாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். டூம் இதைச் சிக்கனமாகச் செய்தது: ஒவ்வொரு ஆட்டக்காரரும் நிற்கும் இடத்தை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் `consistency failure` என்று சொல்லி நின்றுவிடும்.

செக்சத்தில் பகடையின் தற்போதைய எண்ணைச் சேர்ப்பது மிக லாபம். மானின் பிசகு உணவுக் கணக்கில் தெரியப் பல நிமிடம் ஆகும். பகடை ஓர் உருட்டல் தள்ளிப்போனால் அடுத்த சோதனையிலேயே தெரிந்துவிடும்.

பிசகு நடந்தது தெரிந்ததும், எங்கே என்று தேட வேண்டும். இதற்கு நம்பகமான வழி, ஒவ்வொரு உருட்டலையும் யார் கேட்டது என்ற பெயரோடு ஒரு கோப்பில் எழுதி வைப்பது. பிறகு இரண்டு கணினிகளின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதன்முதலில் மாறும் வரியைத் தேடுவது. நம் எடுத்துக்காட்டில் அது இப்படி இருக்கும்:

```
turn 412  call 2  archer_hit  32
turn 412  call 2  smoke_puff  32
```

எண் இரண்டிலும் 32 தான். கேட்டவர் வேறு. இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் குற்றவாளி அகப்பட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு வரும் ஆயிரக்கணக்கான வித்தியாசங்களைப் பார்க்கத் தேவையில்லை. அவை எல்லாம் இதன் விளைவுகள். எண்ணை மட்டும் எழுதி, கேட்டவரின் பெயரை எழுதாமல் விட்டால் 32-க்கு நேராக 32 இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

ரீப்ளே எங்கிருந்து வருகிறது

இவ்வளவு ஒழுக்கத்துக்கும் ஒரு பரிசு உண்டு. கட்டளைகளும் விதை எண்ணும் இருந்தால் எட்டுக் கணினிகளில் ஒரே போர் நடக்கும் என்றால், அதே இரண்டும் இருந்தால் அடுத்த வருடம் ஒன்பதாவது கணினியிலும் அதே போர் நடக்கும். அதுதான் ரீப்ளே. அது வீடியோ இல்லை; ஆட்டத்தை மறுபடி ஆடுவது.

டூமின் பதிவுக் கோப்பை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பதிப்பான 1.9-ல் தொடக்கத்தில் 13 பைட் தலைப்பு: பதிப்பு எண், கடினநிலை, எந்தக் கட்டம், யார் யார் ஆடுகிறார்கள் என்பவை. பிறகு ஒவ்வொரு கணத்துக்கும் ஆளுக்கு 4 பைட்: முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்புதல், பொத்தான்கள். நொடிக்கு 35 கணம். ஆக நொடிக்கு 140 பைட், பத்து நிமிட ஆட்டம் 84,000 பைட். அசுரர்கள் எங்கே நின்றார்கள் என்பதோ, எந்தக் குண்டு பட்டது என்பதோ அதில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் மறுபடி கணக்கிடப்படுகின்றன.

அதனாலேயே ரீப்ளேக்கு ஒரு பலவீனமும் உண்டு. விளையாட்டின் புதிய பதிப்பில் ஓர் ஆயுதத்தின் சேதத்தை ஒன்று கூட்டினாலும் பழைய பதிவு பாதியில் தடம் புரளும். பதிவில் உள்ள ஆட்டக்காரர், இப்போது சுவர் இருக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். இல்லாத எதிரியைச் சுட்டுக்கொண்டிருப்பார். டூம் பதிவின் முதல் பைட்டே பதிப்பு எண்ணாக இருப்பதற்குக் காரணம் இதுதான். எண் பொருந்தாவிட்டால் பழைய பதிவை ஓட்டவே மறுத்துவிடும்.

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலும், சேமித்து வைத்த ஆட்டத்தை மறுநாள் தொடர்ந்தாலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்போது தொடக்கத்து விதை எண்ணைக் கொடுத்தால் தவறு. பகடை இப்போது எந்த எண்ணில் நிற்கிறதோ அதைப் போர்க்களத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் சிறிய ஆட்டத்தில் மூன்று பகடை விழுந்த பிறகு வருகிறவருக்கு 38 உதவாது, 89 வேண்டும்.

இந்த முறையால் மூடிவைக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் முழுப் போர்க்களமும், பகடையின் எண்ணும் இருப்பதால், நேர்மையற்றவர் ஒருவர் தன் கணினியின் நினைவகத்தைத் தோண்டி எதிராளியின் மறைந்த படையையும் பார்க்கலாம், அடுத்து விழப்போகும் பகடையையும் படிக்கலாம். இருட்டில் இருக்கும் பகுதி திரையில்தான் மறைக்கப்பட்டிருக்கிறது, கணினிக்குள் வெளிச்சம்தான். பகடையின் மேல் பணம் கட்டி ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இந்த முறை பொருந்தாது. அங்கே பகடை சர்வரில் மட்டுமே உருள வேண்டும்.

சிறிதாக ஒரு விளையாட்டை எழுதிப் பார்க்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளே இரண்டு பகடை வையுங்கள்: ஒன்று ஆட்டத்துக்கு, ஒன்று திரைக்கு. ஒரே வரியில் இரண்டு முறை உருட்டாதீர்கள். ஒவ்வொரு உருட்டலையும் கேட்டவரின் பெயரோடு பதியுங்கள். நிரலை மாற்றும்போதெல்லாம் முன்பு பதிந்த ஓர் ஆட்டத்தை ஓட்டி, கடைசிச் செக்சம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் மாற்ற நினைக்காத ஒன்று மாறியிருந்தால், அது அன்றே தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து எட்டுப் பேர் ஆடும்போது தெரிந்தால், மானைத் தேடிப்போக வேண்டிவரும்.